முப்பத்தேழாம் நம்பர் பில்

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கென்று தனியாக ஒரு செல்போன் உண்டு. பகல் முழுக்க அது என் மேசையில்தான் கிடக்கும். டயர் கடைக்காரர், அரிசி மண்டிக்காரர், ஹாலோபிளாக் போடுகிறவர் என்று எங்களிடம் கணக்குக் கொடுத்திருக்கிற எல்லோரும் பில்லைப் படம் பிடித்து அந்த எண்ணுக்கு அனுப்புவார்கள். சில படங்களில் பாதி பில் இருட்டாக இருக்கும். சிலவற்றில் பில்லின்மேல் டீ டம்ளர் உட்கார்ந்திருக்கும். கூடவே ஒரு வரி வரும். "கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க." அந்த வரிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று ஆடிட்டர் சார் சேலம் போயிருந்தார். பதினோரு மணி இருக்கும். போனில் பெயர் பதியாத ஒரு எண்ணிலிருந்து படம் வந்தது. கீழே, "சார் இத ஒழுங்கா பண்ணி அனுப்புங்க. பெங்களூர் பார்ட்டி இந்த பில்ல வாங்க மாட்டேங்கறாங்க."

படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினேன். பில்லின் தலையில் எங்கள் குலதெய்வத்தின் பெயர் சிவப்பு மையில் அச்சாகியிருந்தது. அதன் கீழே, ஸ்டீல் ஒர்க்ஸ், பொம்மிடி. அது எங்கள் அப்பா ஆரம்பித்த பட்டறை. பில்லின் ஓரத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் என் அண்ணனுடையது.

அந்த விரலை எனக்குத் தெரியும். நகம் பாதிக்கு மேல் வளராது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சுத்தியல் பட்டு நசுங்கிய நகம். ரத்தம் நிற்காமல் போனபோது என் தாவணியைத்தான் கிழித்துக் கட்டினோம்.

அம்மா நான் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே. அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர்தான் பட்டறையைப் பார்த்துக்கொண்டு என்னை பி.காம். படிக்க வைத்தார். காலேஜ் விட்டு வந்ததும் நான் பட்டறைக்குப் போவேன். அவர் பீரோவுக்கும் கட்டிலுக்கும் அளவெடுத்து வெட்டிக்கொண்டிருப்பார். நான் பில் போடுவேன். அவருக்குப் பெருக்கல் வராது. வராது என்றால் தெரியாது என்றில்லை, அவசரம். பெருக்கும்போதே அடுத்த வேலைக்கு மனம் ஓடிவிடும். "பாப்பா, ஒரு தடவ பாத்துரு" என்று பில் புக்கை என் பக்கம் தள்ளிவிடுவார்.

பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரர் கிறிஸ்தவர். கூட்டுறவு வங்கியில் வேலை. நானே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த பெயிண்ட் பிரஷ்ஷை டின் மேல் வைத்துவிட்டு, "உன் இஷ்டம். ஆனா இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. முதல் குழந்தை பிறந்தபோது தகவல் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாவது பிறந்தபோது சொல்லி அனுப்பவில்லை. பொம்மிடிக்கும் தருமபுரிக்கும் நடுவே பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு பஸ் தூரத்தில் இத்தனை வருஷம்.

இப்போது அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டிருந்தார். இந்த போனை வைத்திருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. அரூரில் அவருக்குக் கணக்குப் பார்த்தவர் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டாராம். எங்களிடம் கணக்குக் கொடுத்திருக்கிற டயர் கடைக்காரர் எங்கள் ஆபீஸ் எண்ணைக் கொடுத்திருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போனை மேசையில் சாய்த்து வைத்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பில்லைப் பார்க்க ஆரம்பித்தேன். வேறெப்படிப் பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பில் நம்பர் முப்பத்தேழு. ஆறடி உயர ரேக் இருபத்து நான்கு, ஒன்று மூவாயிரத்து நானூற்று ஐம்பது. எண்பத்து இரண்டாயிரத்து எண்ணூறு. சரி. நாலடி ரேக் பதினைந்து, ஒன்று இரண்டாயிரத்து எழுநூற்று எண்பது. அண்ணன் நாற்பத்து ஓராயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தார். பெருக்கிப் பார்த்தால் நாற்பத்து ஓராயிரத்து எழுநூறு வந்தது. இரண்டாம் தடவையும் அதே வந்தது. இரும்பு மேசை நான்கு, ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது வீதம் இருபத்தைந்தாயிரம். சரி. இந்த மூன்றையும் கூட்டி, சிஜிஎஸ்டி ஒன்பது சதவீதம், எஸ்ஜிஎஸ்டி ஒன்பது சதவீதம் போட்டு, அதற்கெல்லாம் கீழே, வரி போட்டு முடித்த பிறகு, லாரி வாடகை ஆறாயிரத்து ஐநூறு என்று சேர்த்திருந்தார்.

கையால் எழுதிய பில் என்பதற்காக யாரும் அதைத் தள்ள முடியாது. எதில் எழுதினாலும் பில் பில்தான். ஆனால் இருக்க வேண்டியவை இருக்க வேண்டும். இதில் தேதி இல்லை. வாங்குகிறவரின் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் பெங்களூர் என்று மட்டும் இருந்தது, முகவரி இல்லை. அவர்களுடைய ஜிஎஸ்டி எண் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்துகள் காணாமல் போயிருந்தன. சரக்கு எந்த வகை என்று காட்டும் ஹெச்எஸ்என் எண் இல்லை. வெளிமாநிலத்துக்குப் போகிற பில்லில் எந்த மாநிலத்துக்கென்று எழுத வேண்டும், அதுவும் இல்லை. கையெழுத்து இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், சரக்கு கர்நாடகாவுக்குப் போகிறது. அதற்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துப் போடவே கூடாது. ஐஜிஎஸ்டி என்று ஒரே பதினெட்டு.

இவற்றையெல்லாம் ஒரே மெசேஜில் கேட்டிருக்கலாம். மற்றவர்களிடம் அப்படித்தான் கேட்பேன், நம்பர் போட்டு, ஒன்று இரண்டு என்று. அன்று எனக்கு அப்படிக் கேட்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். பில்லைப் போட்டு அனுப்பிவிடுவேன். முடிந்துவிடும்.

அதனால் முதலில், "பில்லில் தேதி இல்லை. எந்தத் தேதி போடணும்?" என்று மட்டும் அனுப்பினேன்.

பதில் எழுத்தில் வரவில்லை. குரலாக வந்தது. அந்தச் சின்ன முக்கோணத்தைத் தொடுவதற்கு முன் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினேன்.

"சார், வணக்கங்க. கையெல்லாம் பெயிண்டா இருக்குதுங்க, டைப் பண்ண முடியல, அதான் பேசி அனுப்பறேன். இன்னைக்குத் தேதியே போட்டுருங்க. லாரி நாளைக்குக் காலைலதான் கெளம்புது."

பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம். இரும்பில் படும்போது அது கீச்சென்று உயர்ந்து இறங்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அண்ணனின் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கவே இருக்கும். அது மாறவில்லை. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினார். என்னிடம் அவர் ஒருநாளும் 'ங்க' போட்டதில்லை. மறுபடியும் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன்.

"வாங்குகிறவரின் ஜிஎஸ்டி எண் ஓரத்தில் வெட்டியிருக்கு. முகவரியும் வேணும்" என்று அடுத்ததை அனுப்பினேன்.

இந்தத் தடவை இன்னொரு படம் வந்தது. முழு பில்லும் வரவேண்டுமென்று எட்ட நின்று எடுத்திருந்தார். அதனால் எழுத்து மங்கிப் போயிருந்தது. எண்ணைப் படிக்க முடியவில்லை. ஆனால் பில் வைத்திருந்த இடம் முழுக்கத் தெரிந்தது. பட்டறையின் மரமேசை. அதன் பின்னால் சுவர். நான் இருந்தபோது சுண்ணாம்பு அடித்த சுவர், இப்போது நீலத்தில் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் உட்காரும் முக்காலி இருந்த இடத்தில் இரண்டு கேஸ் சிலிண்டர்களை நிறுத்தியிருந்தார்கள். மேசையின்மேல் ஒரு மூக்குக் கண்ணாடி மடித்தபடி இருந்தது. அண்ணன் கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பில்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தச் சுவரையே நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் தெரியுமா, வாசலுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டின் ஒரு மூலையாவது தெரியுமா என்று. தெரியவில்லை. படம் அங்கேயே முடிந்துவிட்டது.

எண் சரியாகத் தெரியவில்லை, பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு மூன்றாவதைக் கேட்டேன். "நாலடி ரேக் 15 x 2780 = 41,700. நீங்கள் 41,200 எழுதியிருக்கீங்க. 500 தள்ளுபடி கொடுத்தீங்களா, கணக்கில் விட்டுப்போச்சா?"

இதைக் கேட்காமல் நானே திருத்திவிடக் கூடாது. பேசி முடித்த விலையில் ஐந்நூறு குறைத்திருந்தால் அதைத் தள்ளுபடி என்று தனியாகக் காட்ட வேண்டும். விலையே வேறாக இருந்திருக்கலாம். எண்ணிக்கை வேறாக இருந்திருக்கலாம். எது தப்பென்று எழுதியவருக்குத்தான் தெரியும்.

குரல் வந்தது. சிரிப்போடு வந்தது.

"தள்ளுபடியெல்லாம் இல்லீங்க சார். பெருக்கறதுல வுட்டுட்டேன் போலருக்குது. எழுநூறுன்னே போட்டுருங்க. நம்ம கணக்கு எப்பவும் இப்படித்தாங்க. முன்னயெல்லாம் எங்க வூட்டுல ஒரு ஆள் இருந்துச்சு, அது பாத்துக்கும். இப்ப அந்த மாதிரி பாக்க ஆளில்லீங்க."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொல்லி என் காதுக்கு வந்த முதல் பேச்சு அது. அதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. யாரோ ஒரு ஆபீஸ் சாருக்குச் சொல்லியிருந்தார்.

நான்தான் என்று அப்போதே எழுதிவிடலாமா என்று தோன்றியது. 'அண்ணா' என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். எழுதினால் ஒருவேளை அதோடு எல்லாம் நின்றுவிடும். வேறு ஆபீஸைப் பார்த்துக்கொள்வார். குரல்கூட வராது. தெரியாமலே இருந்தால் மாதாமாதம் பில் வரும், மாதாமாதம் இந்தக் குரலைக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஒரு ஆசை.

மத்தியானம் சாப்பிடவில்லை. தெரியாத எவரோ மாதிரி நாலாவது மெசேஜை அனுப்பினேன். "வெளிமாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி 18% மட்டும் போடணும். லாரி வாடகையையும் சரக்கு மதிப்போடு சேர்த்து அதுக்கும் வரி போடணும். சரியா என்று சொல்லவும்."

ஐந்து நிமிஷம் எதுவும் வரவில்லை. பிறகு போன் அடித்தது. குரல் பதிவு இல்லை, நேரடி அழைப்பு.

அடிக்க விட்டேன். நின்றது. மறுபடியும் அடித்தது. ஆபீஸில் வேறு யாரும் இல்லை. எடுத்தேன்.

"வணக்கங்க. சார் இருக்காருங்களா? பொம்மிடில இருந்து பேசறேன். ரேக் பில்லு அனுப்பியிருந்தேன்."

"சார் சேலம் போயிருக்காருங்க. பில்ல நான்தான் பாத்துட்டிருக்கேன். சொல்லுங்க."

அந்தப் பக்கம் கிரைண்டர் கத்திக்கொண்டிருந்தது. "டேய், அத நிறுத்து" என்று அண்ணன் யாரிடமோ சொன்னது கேட்டது. சத்தம் நின்றது. அப்புறமும் அவர் பேசவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"லாரி வாடகைக்கும் டாக்ஸ்னு மெசேஜ் வந்துச்சுங்க" என்றார். இப்போது குரல் உரக்க இல்லை.

"ஆமாங்க. லாரிய நீங்களே பேசி அனுப்பறீங்க. வாடகைய சரக்கோட சேத்து அவங்ககிட்ட வாங்கறீங்க. அப்ப அதுவும் ரேக் வெலைல சேந்ததுதான். அதுக்கும் பதினெட்டு போடணும்."

"வாடகை ஆறாயிரத்தி ஐநூறுன்னுதான் பேசுனது. கூட ஆனா ஒத்துக்குவாங்களான்னு தெரியலீங்களே."

"அவங்க கட்டற டாக்ஸ அவங்க கணக்குல கழிச்சுக்கலாங்க. ஒரு வார்த்த கேட்டுருங்க. கேக்காம நான் போட மாட்டேன்."

"சரிங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ரெண்டு ஒம்போது எதுக்குங்க கூடாது? மொத்தம் ஒண்ணுதான?"

"மொத்தம் ஒண்ணுதாங்க. ஆனா ரெண்டு ஒம்போது தமிழ்நாட்டுக்குள்ள விக்கறதுக்கு. சரக்கு கர்நாடகா போவுது. தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டிய வெச்சு அவங்க அங்க ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களும் தப்பான தலைப்புல கட்டிட்டா, மறுபடி சரியானதுல கட்டிட்டு, பழைய பணத்தத் திரும்பக் கேட்டு எழுதிப் போடணும். அதுக்குத்தான் அவங்க இந்த பில்ல வாங்கல."

"ஓ" என்றார். "அங்க இருக்கறவன் கன்னடத்துல ஏதோ சொன்னான். டாக்ஸ் சரியில்லன்னான். எனக்கு அவ்வளவுதான் புரிஞ்சுது."

நான் பேச்சை விட்டுவிட பயந்தேன். "அவங்க ஜிஎஸ்டி நம்பர் படத்துல தெரியல. படிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுக்கும் சத்தம் கேட்டது. பில்லை வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிருப்பார். ஒவ்வொன்றாகப் படித்தார். ரெண்டு, ஒம்போது. அது கர்நாடகாவின் எண். அப்புறம் ஐந்து எழுத்துகள். எழுதிக்கொண்டே வந்தேன். அதற்கடுத்து அவர் "எஸ்ஸு" என்றார்.

"எஸ்ஸா, அஞ்சா?"

"எஸ்ஸு மாதிரிதான் எழுதியிருக்கேன்."

"அந்த எடத்துல எழுத்து வராது. அஞ்சு எழுத்துக்கப்புறம் நாலு நம்பர்தான் வரும். அஞ்சாத்தான் இருக்கும்."

"அப்ப அஞ்சுதான்" என்றார். மேலே படித்தார். நான் எழுதி முடிக்கும் வரை நிறுத்தி நிறுத்திப் படித்தார். பட்டறையில் அளவு சொல்லும்போது அப்படித்தான் சொல்வார், நான் எழுதி நிமிர்கிற வரைக்கும் டேப்பை எடுக்க மாட்டார். கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டு, "எழுதிட்டியா?" என்றார்.

'எழுதிட்டீங்களா' இல்லை. 'எழுதிட்டியா.'

"எழுதிட்டேன்" என்றேன். பதினைந்து எழுத்தும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, ஜிஎஸ்டி போர்ட்டலில் அடித்துப் பார்த்தேன். கம்பெனியின் பெயரும் பெங்களூர் முகவரியும் வந்தன. "வந்துருச்சு. பேரு சரியா இருக்குது" என்றேன்.

"ம்."

"பழைய பில்ல கிழிச்சுற வேண்டாம். குறுக்க கோடு போட்டு கேன்சல்னு எழுதி புக்குலயே வெச்சுருங்க. முப்பத்தேழு கேன்சல்னு காட்டிட்டு முப்பத்தெட்டு போடறேன்."

"செரி."

"லாரி நம்பரும் வேணும். ஐம்பதாயிரத்துக்கு மேல போனா ஈ-வே பில் இல்லாம வண்டி கெளம்பக் கூடாது."

நம்பரைச் சொன்னார். பிறகு, "இங்க பிரிண்ட் எடுக்க ஆளில்ல. வண்டி காலைல தருமபுரி பைபாஸ் வழியாத்தான் போவுது" என்றார்.

"எடுத்து வெக்கறேன். மூணு காப்பி. கையெழுத்து நீங்கதான் போடணும்."

"வரேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் பெங்களூர்க்காரர்கள் வாடகைக்கு வரி போட ஒத்துக்கொண்டார்கள் என்று சேதி வந்தது. அது எழுத்தில் வந்தது. "ஓகே சொல்ட்டாங்க." அதில் 'சார்' இல்லை. பில்லைப் போட்டேன். ரேக்குக்கும் மேசைக்கும் ஹெச்எஸ்என் 9403, அது மேசை, அலமாரி மாதிரியான ஃபர்னிச்சர் வகை. எல்லாமும் வாடகையும் சேர்த்து ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். அதற்கு ஐஜிஎஸ்டி இருபத்தெட்டாயிரத்து எண்பது. மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து எண்பது. சப்ளை ஆகும் இடம், கர்நாடகா. கீழே பேங்க் விவரம். அவருடைய ஓடிபியை வாங்கி ஈ-வே பில்லையும் எடுத்தேன். ஒரு கமா விடாமல் மூன்று தடவை சரிபார்த்தேன். இந்த ஆபீஸில் எத்தனையோ பில் போட்டிருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒன்றைப் போட்டதில்லை.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். "நானும் வரட்டா?" என்றார். யோசித்துவிட்டு அவரே, "வேண்டாம். நீ மட்டும் போ" என்றார்.

காலையில் பைபாஸ் ஓரத்தில் ஒரு டீக்கடைக்கு எதிரில் ஃபைலோடு நின்றேன். எது கட்டுவது என்று முந்தின நாளே யோசித்து, கடைசியில் ஆபீஸுக்குக் கட்டுகிற சாதாரணப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. தார்ப்பாய் போட்டுக் கட்டிய ஒரு லாரி மெதுவாகி ஓரம் கட்டியது. டிரைவருக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணன் இறங்கினார். ரேக்கைப் போல்ட் போட்டு நிறுத்திக் கொடுக்க அவரும் பெங்களூர் போகிறார் என்று அப்புறம் புரிந்தது.

தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. வயிறு கொஞ்சம் போட்டிருந்தது. அப்பாவின் நடை அவருக்கு வந்திருந்தது. வலது காலைச் சற்று அகட்டி வைக்கிற நடை. கிட்டே வந்து நின்றார். நான் ஃபைலைத் திறந்து நீட்டினேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் படித்தார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரலை வைத்து. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்தான் அவர். அன்று அவ்வளவு நேரம் படித்தார். எங்களை ஒட்டி வண்டிகள் இரைந்துகொண்டு போயின.

"ஒரிஜினல் அவங்களுக்கு. டூப்ளிகேட் வண்டியோட போவணும். மூணாவது உங்களுக்கு" என்றேன்.

ஃபைலை நான் கீழே பிடித்துக்கொள்ள, அதன்மேல் வைத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். பேனா அழுந்த அழுந்த என் கைக்கு அந்த அழுத்தம் வந்தது. முத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஊதிவிட்டுக் குத்தினார்.

"பசங்க?" என்றார், பில்லைப் பார்த்துக்கொண்டே.

"பெரியவ ஏழாவது. சின்னவன் நாலாவது."

தலையை ஆட்டினார். சின்னவன் இருப்பது அவருக்கு முன்பே தெரியுமோ என்னவோ, முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அண்ணி?" என்று நான் கேட்டேன்.

"இருக்கறா. மூட்டு வலிங்கறா."

வேறு ஏதாவது கேட்பார் என்று நின்றேன். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார். அண்ணன் காகிதங்களை மடித்து, ஒன்றைப் பையிலும் மற்றவற்றை வண்டிக்கென்று கையிலும் வைத்துக்கொண்டார். ஏறப் போனவர் திரும்பி, "வெயில்ல நிக்காத. போ" என்றார்.

வண்டி கிருஷ்ணகிரி பக்கம் போய் மறைகிற வரைக்கும் வெயிலில்தான் நின்றேன்.

அதற்கப்புறம் அவர் எங்கள் ஆபீஸிலேயே கணக்குக் கொடுத்துவிட்டார். ஆடிட்டர் சாரிடம் வந்து பேசவில்லை, போனிலேயே பேசிக்கொண்டார். மாதம் பிறந்து நாலைந்து நாளில் பில் படங்கள் வரும். கீழே எதுவும் எழுதுவதில்லை. சரி பண்ணிக் கொடு என்றுகூட இல்லை. படத்தை அனுப்பினால் நான் பார்த்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். இப்போதெல்லாம் தேதி போடுகிறார், முகவரி எழுதுகிறார், தமிழ்நாட்டு பில்லுக்கும் வெளிமாநில பில்லுக்கும் வரியைச் சரியாகப் பிரிக்கிறார். எனக்கு அதில் வருத்தம்தான். கேட்பதற்கு ஏதாவது விட்டு வைக்கக் கூடாதா என்று இருக்கும். பெருக்கலில் மட்டும் இன்னும் எங்கேயாவது தவறுவார். அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டு அனுப்புவேன். "பாத்து போடு" என்று குரல் வரும். அதைச் சேமித்து வைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. "நீயே ஒரு தடவ போயிட்டு வாயேன். கதவச் சாத்திருவாரா என்ன" என்கிறார் என் வீட்டுக்காரர். சாத்த மாட்டார். எனக்குத் தெரியும். உட்காரச் சொல்வார், அண்ணி காப்பி போடுவாள். ஆனால் வர வேண்டாம் என்று சொன்னது அவர். வா என்று சொல்ல வேண்டியதும் அவர்தான். அது ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக நான் காத்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு அது வாயில் வரமாட்டேன் என்கிறதோ, நாளை நாளை என்று தள்ளுகிறாரோ.

போன மாதம் ஈரோட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு கல்யாணம். மொரப்பூரில் ரயில் ஏறினோம். அடுத்து நிற்கும் பெரிய ஊர் பொம்மிடிதான். வண்டி வேகம் குறைந்ததுமே நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் புளியமரங்கள், பிறகு கூரைத் தகடுகள். அதில் எது எங்கள் பட்டறைத் தகடு என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி துருவேறியிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். எங்கேயோ இரும்பு அறுக்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. ரயில் பிரேக் சத்தமாகவும் இருக்கலாம்.

என் மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"எறங்கணுமாம்மா?"

"இல்ல" என்றேன்.

பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறினாள். அவளுக்கு வழிவிட்டு நான் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன். வண்டி கிளம்பியது. தகடுகள் பின்னால் போயின, மலை வந்தது. மகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்த ஊரும்மா?"

"எங்க ஊரு" என்றேன்.